துக்க வீட்டில் கேட்ட பாட்டு: "நேற்று இருந்தாள், இன்று வெந்து..." யாருக்காவது தெரியுமா?

தறிக்காரன்:
போன மாதம் எங்கள் பெரியம்மா தவறிவிட்டார். ஊர் கோபி பக்கம். துக்க வீட்டில் மைக் செட்காரர் குழாய் ஸ்பீக்கரில் ஒரு பாட்டுப் போட்டார். அன்றைக்கு யாரையும் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இப்போது அந்தப் பாட்டு வேண்டும் என்று பெரியப்பா கேட்கிறார்.

காதில் நின்றது இவ்வளவுதான்: "வீட்டில் இருந்தாள் அன்னை", "நேற்று இருந்தாள், இன்று வெந்து வேறானாள்". இன்னொரு இடத்தில் கடைசிச் சொல் "கை". எந்தக் கை, யார் கை என்று பிடிபடவில்லை.

பாடியவர் வயதானவர் போலத் தெரிந்தது. கட்டைக் குரல். அழுகிற குரல் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல். நீளமாக இழுத்துக்கொண்டே வந்து, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வெட்டியது போல நின்றுவிடும். அப்போது "டிங்" என்று ஒரு வெண்கலச் சத்தம். தபேலா, ஆர்மோனியம் எதுவும் இல்லை.

சித்தி மகன் எடுத்த வீடியோவில் பின்னணியில் கொஞ்சம் விழுந்திருக்கிறது. ஷஜாமில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. வரிகளைத் தட்டித் தேடினால் அம்மா பாட்டுகளாக வந்து குவிகின்றன.

பழைய ரெக்கார்டு:
இதில் என்ன சந்தேகம் தம்பி? "வீடு வரை உறவு". பாத காணிக்கை, 1962. கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ். பாடியது. தமிழ்நாட்டில் இந்தப் பாட்டுப் போடாத எழவு வீடு உண்டா? "வீட்டில்" என்று உங்கள் காதில் விழுந்தது "வீடு வரை"தான்.

தறிக்காரன்:
அந்தப் பாட்டு எனக்கு நன்றாகத் தெரியும் அண்ணா. அது இல்லை. இதில் வாத்தியமே கிடையாது. அதோடு இது முழுக்க ஒரு அம்மாவைப் பற்றியது.

மாலினி87:
என் மாமியாருக்கு அடுத்த வாரம் முப்பதாம் நாள். அமைதியாக, யாரையும் அழ வைக்காத மாதிரி ஏதாவது பாட்டு சொல்லுங்களேன். புல்லாங்குழல் மட்டும் என்றாலும் சரி.

பழைய ரெக்கார்டு:
அம்மா, அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள். இங்கே ஒரு பாட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

தறிக்காரன் தம்பி, அம்மாவைப் பற்றியது என்றால் பட்டினத்தார் படம். அதுவும் 1962தான். டி.எம்.எஸ்.ஸே பட்டினத்தாராக நடித்தார். அதைத்தான் போட்டிருப்பார்கள்.

வெண்பாவூரான்:
பழைய ரெக்கார்டு ஐயா பக்கத்தில் வந்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஆனால் உறுதி செய்வதற்கு முன் தறிக்காரனிடம் இரண்டு கேள்வி. அந்தப் பாட்டைப் போட்டது எந்த நாள், எந்த நேரம்? எடுக்கிற அன்றைக்கா, மறுநாளா, கருமாதிக்கா? இரண்டாவது, பாட்டில் பால் என்ற சொல் எங்காவது வந்ததா?

தறிக்காரன்:
எரித்த மறுநாள் காலை. சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கக் கிளம்புவதற்கு முன்னால்.

நீங்கள் கேட்ட பிறகுதான் ஒன்று உறைக்கிறது. நடுவில் "பால் தெளிக்க எல்லோரும் வாருங்கள்" என்று கேட்டது. மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டு அறிவிப்பு செய்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். என் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். அது பாட்டா?

வெண்பாவூரான்:
பாட்டேதான். பட்டினத்தார் தன் தாய்க்குக் கொள்ளி வைத்தபோது பாடியதாகச் சொல்லப்படும் பத்துப் பாட்டில் கடைசிப் பாட்டு. அச்சில் இப்படி இருக்கும்:

வீற்றிருந்தாள் அன்னை வீதிதனில் இருந்தாள்
நேற்றிருந்தாள் இன்றுவெந்து நீறானாள் – பாற்றெளிக்க
எல்லீரும் வாருங்கள் ஏதென்று இரங்காமல்
எல்லாம் சிவமயமே யாம்

நீங்கள் கேட்ட "வேறானாள்" உண்மையில் நீறானாள், அதாவது சாம்பலானாள். குழாய் ஸ்பீக்கரில் நீ, வீ, வே எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கும். "எல்லோரும்" என்றது எல்லீரும்.

"வீட்டில்" என்பது வீற்றிருந்தாள். இதை யாரும் ஊகிக்கத் தேவையில்லை, பாட்டே சொல்லிவிடுகிறது. இது நேரிசை வெண்பா. இதில் முதல் இரண்டு அடியிலும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ஒத்து வரவேண்டும். "நேற்று" என்று சரியாகக் கேட்டிருக்கிறீர்கள், அங்கே இரண்டாம் எழுத்து ற். ஆகவே முதல் அடியிலும் ற் இருந்தாக வேண்டும். "வீட்டில்" அங்கே நிற்காது, "வீற்று"தான் நிற்கும். இரண்டாம் அடியின் கடைசிச் சொல்லுக்கும் இதே விதி. பாலும் தெளிக்கவும் சேர்ந்தால் பாற்றெளிக்க, அங்கேயும் ற் வந்துவிட்டது. பழைய பாட்டு எதையும் அரைகுறையாகக் கேட்டிருந்தால் இப்படி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருத்திவிடலாம்.

தளை, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு இணைகிற விதி, அதைப் பார்த்தால் முதல் அடியில் "அன்னை வீதி" என்ற இடம் தட்டுகிறது. அது வேறு பஞ்சாயத்து.

தறிக்காரன்:
ஐயா, அதேதான்! "சிவமயம்" என்று முடிந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது. அப்படியானால் அந்தக் "கை"?

வெண்பாவூரான்:
அது எட்டாவது பாட்டு.

வேகுதே தீயதனில் வெந்து பொடிசாம்பல்
ஆகுதே பாவியேன் ஐயகோ – மாகக்
குருவி பறவாமல் கோதாட்டி என்னைக்
கருதி வளர்த்தெடுத்த கை

குருவி கூடத் தன்மேல் பறக்காமல் பார்த்து வளர்த்த கை தீயில் வேகிறது என்கிறார். ஒன்பதாவது "வெந்தாளோ சோணகிரி வித்தகா" என்று தொடங்கித் "தாய்" என்று முடியும்.

நீங்கள் முதலில் எழுதியதில் எனக்குப் பெரிய துப்பாக இருந்தது வரிகள் அல்ல. நீளமாக இழுத்து வந்து முடிவில் வெட்டியது போல நிற்கிறது என்றீர்கள் பாருங்கள், அதுதான். வெண்பாவின் கடைசி அடியில் மூன்றே சீர், அந்தக் கடைசிச் சீரும் மிகச் சிறியது. கை. தாய். யாம். காது நாலாவது சீருக்காகக் காத்திருக்கும், பாட்டு முடிந்துபோயிருக்கும். சினிமாப் பாட்டில் பல்லவி திரும்ப வந்து சேரும், அதனால் அப்படி அறுந்து நிற்காது.

பழைய ரெக்கார்டு:
நான் சொன்னது சரியாகப் போயிற்று. பட்டினத்தார்! இதைப் பார்த்துத்தான் கண்ணதாசனும் எழுதினார்.

வெண்பாவூரான்:
அவர் எழுதியதற்குப் பக்கத்தில் இருப்பது வேறு பாட்டு ஐயா. "அத்தமும் வாழ்வும் அகத்துமட்டே" என்று தொடங்கும். பொருள் வீடு வரை, மனைவி வீதி வரை, மகன் சுடுகாடு வரை, கூட வருவது புண்ணிய பாவம் மட்டும் என்று போகும். அது யாருக்கும் பொதுவான நிலையாமைப் பாட்டு. இந்தப் பத்தும் ஒரு தாயின் சிதைக்குப் பக்கத்தில் நின்று பாடியவை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பதால் கலந்துவிடுகின்றன.

தறிக்காரன் கேட்டது படத்தில் வந்ததா என்பதும் தெரியவில்லை. பாட்டு இன்னதென்று தெரிந்துவிட்டது, பதிவு இன்னதென்று இன்னும் தெரியவில்லை.

தறிக்காரன்:
நானும் அதையேதான் சொல்ல வந்தேன். டி.எம்.எஸ். குரலை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். இது அவர் இல்லை. பெரியப்பாவுக்கு இதே குரல்தான் வேண்டுமாம். வேறு யாரோ பாடியதை நேற்று போட்டுக் காட்டினேன், கையை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிட்டார்.

இன்னொரு சந்தேகம். திருமுறைத் தளத்தில் பட்டினத்தார் என்று போட்டுத் தேடினேன். பாட்டுகள் இருக்கின்றன, ஆனால் இந்தப் பத்தும் இல்லையே?

வெண்பாவூரான்:
அங்கே கிடைக்காது. பதினோராம் திருமுறையில் பட்டினத்தார் பெயரில் இருப்பவை கோயில் நான்மணிமாலை, திருவிடைமருதூர் மும்மணிக்கோவை போன்ற ஐந்து நூல்கள். அவற்றின் தமிழே வேறு மாதிரி இருக்கும். தாய்க்குப் பாடிய இந்தப் பத்து, சித்தர் பாடல் தொகுப்புகளில் வரும் பட்டினத்தாருடையவை. இருவரும் வேறு வேறு ஆட்கள், இவர் காலத்தால் பிந்தியவர் என்பது பல அறிஞர்கள் கருத்து. நடையைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தேடும்போது வரி முழுவதையும் போடாதீர்கள். ஒரு புத்தகத்தில் "பால்தெளிக்க" என்று இருக்கும், இன்னொன்றில் "பாற்றெளிக்க". ஒருவர் "நீறானாள்" என்று சேர்த்து எழுதுவார், இன்னொருவர் சீர் பிரித்து "வெந்துநீ றானாள்" என்று அச்சடித்திருப்பார். சேர்த்தோ பிரித்தோ எழுத முடியாத ஒரு சொல்லாகப் பார்த்துப் போடுங்கள். "எல்லீரும்" நல்ல சொல், இன்றைக்கு யாரும் அதை எழுதுவதில்லை, அதனால் குப்பை குறைவாக வரும்.

பழைய ரெக்கார்டு:
ஒரே பட்டினத்தார்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்து திருவொற்றியூரில் சமாதி ஆனவர். இரண்டு பேர், மூன்று பேர் என்பதெல்லாம் பேராசிரியர்கள் பொழுதுபோகாமல் சொல்வது.

நல்லூர்க்காரி:
எங்கட பக்கத்துக் கேள்வி ஒன்று. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மாவின் செத்தவீட்டில், பிரேதத்துக்குப் பக்கத்தில் உரலில் உலக்கை போட்டு இடித்துக்கொண்டு ஒரு பாட்டுப் படித்தார்கள். ஒவ்வொரு பாட்டும் "இடித்தும் நாமே" என்று முடியும். நான் சின்னப் பிள்ளை. துக்கமான பாட்டு என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் பூமாலை, தீபம் என்றெல்லாம் வரிகள் வந்தன. அதுவும் பட்டினத்தாரா?

வெண்பாவூரான்:
இல்லை அக்கா. அது திருவாசகத்தில் திருப்பொற்சுண்ணம். "முத்துநல் தாமம்பூ மாலை தூக்கி முளைக்குடம் தூபம்நல் தீபம் வைம்மின்" என்று தொடங்கும், மொத்தம் இருபது பாட்டு. இறைவன் ஆடுவதற்காகப் பெண்கள் வாசனைப் பொடி இடித்துக்கொண்டே பாடுகிற கொண்டாட்டப் பாட்டு அது. உங்கள் ஊரில் கிரியையில் சுண்ணம் இடிக்கும்போது அதைப் பாடுவார்கள்.

துக்கப் பாட்டைத் தேடுகிறவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். சோகமாக இருந்தது என்று சோகமான சொற்களைப் போட்டுத் தேடுவார்கள். சோகம் அந்த இடத்தில் இருந்திருக்கும், பாடிய நிதானத்தில் இருந்திருக்கும், வரியில் இருக்காது. தறிக்காரன் கேட்ட கடைசிப் பாட்டையே பாருங்கள், "இரங்காமல்" வாருங்கள் என்கிறது.

நல்லூர்க்காரி:
முத்துநல் தாமம்! அதேதான். நன்றி. எங்கட அம்மா இருந்திருந்தால் உடனே சொல்லியிருப்பா.

சவுண்ட் சர்வீஸ்:
நான் மைக் செட் வைத்திருக்கிறேன், சேலம் பக்கம். பதிவு கிடைக்க வேண்டுமானால் இணையத்தை விட்டுவிட்டு, அன்றைக்கு வந்த மைக் செட்காரரைப் பிடியுங்கள். எங்கள் தொழிலில் ஆளுக்கு ஒரு பென் டிரைவ் உண்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில், துக்கம் என்று தனித்தனி ஃபோல்டர். துக்கம் ஃபோல்டரில் பாதிக்குப் பெயரே இருக்காது. கேசட்டிலிருந்து ஏற்றியதை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி வைத்திருப்போம்.

ஷஜாமில் வராததில் ஆச்சரியமில்லை. அது பாட்டைத் தேடுவதில்லை, ஒரு குறிப்பிட்ட பதிவைத்தான் தேடும். அந்தப் பதிவே அவர்களிடம் இல்லை என்றால் எப்படி வரும்? கூகுளில் முணுமுணுத்துத் தேடுகிற வசதி 2020இல் வந்தது. அது மெட்டை வைத்துத் தேடும். விருத்தமாகப் பாடியதில் தாளமும் இல்லை, நிலையான மெட்டும் இல்லை. பாடுகிறவர் நினைத்த இடத்தில் இழுப்பார். அதிலும் வராது.

நீங்கள் சொன்ன "டிங்" சத்தம் சேகண்டி. சங்கு ஊதுகிற பண்டாரம் கையில் வைத்திருப்பாரே, அது. கம்பெனி கேசட்டாக இருந்தால் பின்னால் தம்பூராவாவது வைத்திருப்பார்கள். சேகண்டி மட்டும் என்றால் துக்க வீட்டிலேயே யாரோ டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, அவர் வயதானவர் என்று முடிவு கட்டாதீர்கள். கேசட் மெதுவாக ஓடினால் குரல் கட்டையாகிவிடும், இழுப்பும் கூடும். ஃபைல் கிடைத்தால் வேகத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது, சொல்கிறேன்.

தறிக்காரன்:
அண்ணா, கிடைத்துவிட்டது. மைக் செட்காரர் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பினார். ஃபைல் பெயர் Track 07.mp3. பாடியவர் பெயர், ஆல்பம், வருடம் எதுவும் இல்லை. எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று பாட்டு மட்டும்தான் இருக்கிறது. கடைசியில் சங்கு. பின்னால் யாரோ இருமுகிறார்கள், ஒரு சேவல் கூவுகிறது.

வெண்பாவூரான்:
மூன்று மட்டும் இருப்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. முதல் ஆறு பாட்டும் வாய்க்கரிசி போடுவதற்கும் தீ மூட்டுவதற்கும் முந்திய பேச்சு. "எரியத் தழல் மூட்டுவேன்", "விறகிலிட்டுத் தீ மூட்டுவேன்" என்று வரும். ஏழாவது "முன்னை இட்ட தீ", அதில்தான் தீ மூளுகிறது. எட்டிலிருந்து உடல் வெந்து சாம்பலாகிற கட்டம். பாடியவர் மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார். பழக்கப்பட்ட ஆள்.

சவுண்ட் சர்வீஸ்:
சேவல் கூவியதே போதும், வீட்டில் பிடித்ததுதான்.

வேகம் பார்ப்பது இப்படி. Audacity நிரலில் ஃபைலைத் திறந்து, அவர் பாடாத இடமாக ஓரிரு விநாடி தேர்ந்தெடுத்து Plot Spectrum போடுங்கள். கரண்டில் ஓடுகிற டேப் ரெக்கார்டர் என்றால் அடியில் ஒரு "ம்ம்ம்" இரைச்சல் பதிந்திருக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் 50இலோ அதன் இரட்டையான 100இலோ ஒரு முனை தெரிய வேண்டும். நூறில் பார்ப்பது சுலபம். நூறுக்குக் கீழே தெரிந்தால் கேசட் மெதுவாக ஓடியிருக்கிறது, மேலே தெரிந்தால் வேகமாக. Size அளவைக் கூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் முனைகள் பிரிந்து தெரியாது.

தறிக்காரன்:
இரண்டு முனை தெரிகிறது. ஒன்று 100, இன்னொன்று 94 பக்கத்தில். எதை எடுப்பது?

சவுண்ட் சர்வீஸ்:
சரியாக 100இல் இருப்பது பின்னாளில் கம்ப்யூட்டருக்கு ஏற்றும்போது ஒட்டியது. அதை விட்டுவிடுங்கள். 94தான் கேசட்டோடு வந்தது. நூறை 94ஆல் வகுத்தால் சுமார் 1.06, அதாவது 6 சதவீதம் வேகம் கூட்ட வேண்டும். வேகமும் சுதியும் சேர்ந்து மாறுகிற கட்டளையை எடுங்கள், Tempo மட்டும் மாற்றுவதை எடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்தில் நம் ஊர் கரண்டே 50இல் நிற்காது, 49க்கும் கீழே இறங்கும் நாளெல்லாம் உண்டு. அதனால் இந்தக் கணக்கில் ஓரிரு சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அதற்கு மேல் காதால்தான் சரி பார்க்க வேண்டும். சங்கோ சேகண்டியோ உதவாது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுதி.

தறிக்காரன்:
செய்துவிட்டேன். ஆளே மாறிவிட்டார்! கிழவர் இல்லை, நாற்பது நாற்பத்தைந்து வயதுக் குரல். பெரியப்பாவிடம் இரண்டையும் போட்டுக் காட்டினேன். மெதுவாக ஓடுவதுதான் வேண்டும், அன்றைக்கு அப்படித்தான் கேட்டது என்கிறார். சரி, அவருக்கு அதையே ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

மைக் செட்காரரிடம் பாடியவரைப் பற்றிக் கேட்டேன். அவர் அப்பா காலத்துக் கேசட்டாம், அந்தியூர் பக்கத்துப் பண்டாரம் ஒருவர் என்று மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

பழைய ரெக்கார்டு:
திருத்திய ஃபைலை இங்கே போடுங்கள் தம்பி. படத்தில் வருவதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நல்லூர்க்காரி:
போடுவதற்கு முன் யோசியுங்கோ. யாரோ ஒருவரின் செத்தவீட்டில் பிடித்தது. அந்த வீட்டு ஆட்களின் குரலும் அதில் இருக்கும் அல்லவா?

தறிக்காரன்:
இருக்கிறது அக்கா. ஒன்பதாவது பாட்டின்போது ஒரு அம்மா பெயர் சொல்லி அழுகிறார். அதனால் பொதுவில் போட வேண்டாம் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் பழைய ரெக்கார்டு அண்ணாவுக்குக் கடைசிப் பாட்டை மட்டும் வெட்டித் தனியாக அனுப்புகிறேன், அதில் அழுகை இல்லை.

வெண்பாவூரான்:
எனக்குப் பதிவு வேண்டாம், ஒரே ஒரு தகவல் போதும். முதல் அடி அச்சில் தளை தட்டுகிறது என்றேன் அல்லவா? பாடுகிறவர்கள் வழிவழியாக வேறு பாடம் வைத்திருக்கக்கூடும். "அன்னை" என்பதற்கு அடுத்து அவர் என்ன பாடுகிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

தறிக்காரன்:
வேகத்தைத் திருத்தியதில் நாலைந்து தடவை கேட்டேன் ஐயா. "வீற்றிருந்தாள் அன்னை" பாடி நிறுத்தி மூச்சு விடுகிறார். அப்புறம் "வீதிதனில் இருந்தாள்" என்றுதான் எடுக்கிறார். அச்சில் இருப்பதேதான். நடுவில் அவர் விடுகிற மூச்சில் நீங்கள் சொல்கிற தட்டல் எனக்குத் தெரியவில்லை.